12 சொல் வாக்கியம் ஏன் கனக்கிறது?

ஐயா,

பள்ளி நூலகத்துக்காக நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்திகள் எழுதுகிறேன். ஒரு பத்தி படிக்க எவ்வளவு கடினம் என்று அளக்கும் ஆங்கில வாசிப்புச் சூத்திரங்களைப் படித்துவிட்டு, எந்த வாக்கியமும் 12 சொற்களைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் பிள்ளைகள் இந்த வாக்கியத்தில் திணறுகிறார்கள்: "பருவமழை பொய்த்ததால் நீர்மட்டம் தாழ்ந்துபோன ஏரியின் கரையோரத்தில் வளர்ந்திருந்த நாணல்களுக்கிடையே கூடுகட்டியிருந்த பறவைகள் இடம்பெயரத் தொடங்கின." என்ன பிழை?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எண்ணிக்கையில் பிழையில்லை, எண்ணிய பொருள்தான் தமிழுக்குப் பொருந்தவில்லை. ஆங்கிலம் தனித்தனிச் சொற்களாக எழுதுவதை நாம் விகுதியாகவும் உருபாகவும் ஒரே சொல்லோடு ஒட்டிவிடுகிறோம். இதே வாக்கியம் ஆங்கிலத்தில் சுமார் 30 சொற்கள் ஆகும். ஆகவே சொற்களோடு வினைகளையும் எண்ணுங்கள். பொய்த்ததால், தாழ்ந்துபோன, வளர்ந்திருந்த, கூடுகட்டியிருந்த, இடம்பெயரத் தொடங்கின என்று ஐந்து செயல்கள் இதில் இருக்கின்றன. அவற்றுள் மூன்று பெயரெச்சங்கள் என்பதால், யார் என்ன செய்தார்கள் என்பது தெரியாமலேயே பிள்ளை 'பறவைகள்' வரை அத்தனையையும் மனத்தில் சுமந்து வரவேண்டியிருக்கிறது.

சொல்லின் பழக்கத்தை அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. 1948இல் வந்த டேல்–சால் சூத்திரம், அமெரிக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களின் பட்டியலில் இல்லாதவற்றைக் கடினச் சொல்லாகக் கொள்கிறது. தமிழில் அப்படியே எண்ணினால் 'வளர்ந்திருந்த' அரிய சொல்லாகிவிடும். 'வளர்' என்ற பகுதியோ எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். எனவே பகுதியைப் பிரித்து, நான்காம் வகுப்பு வரையிலான பாடநூல்களில் அது வருகிறதா என்று பாருங்கள். நாளிதழ்களை அளவாகக் கொண்டால் 'தீர்மானம்' எளிதாகவும் 'கிண்ணம்' கடினமாகவும் தோன்றும். பகுதியை எண்ணியும் தப்பிவிடும் சொல் 'பொய்த்ததால்'. பொய் என்பது பிள்ளைக்குத் தெரியும், மழை பொய்ப்பது தெரியாது. இதை எந்தப் பட்டியலும் காட்டாது. நீங்களே படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் இப்படி மாற்றுவேன்:

"இந்த ஆண்டு மழை சரியாகப் பெய்யவில்லை. அதனால் ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஏரிக் கரையில் நாணல் வளர்ந்திருந்தது. நாணல் என்பது உயரமான ஒரு புல். நாணலுக்குள் பறவைகள் கூடு கட்டியிருந்தன. தண்ணீர் குறைந்ததால் அவை வேறு இடத்துக்குப் போகத் தொடங்கின."

12 சொற்கள் 29 ஆகிவிட்டன. வாக்கியச் சராசரியோ ஐந்துக்கும் சற்றுக் குறைவு. பத்தி நீண்டதே என்று தயங்க வேண்டாம். 'நாணல்' அரிய சொல்தான் என்றாலும், பாடம் கற்பிக்க வேண்டிய சொல் அதுவே என்பதால் நீக்காமல் விளக்கினேன். 'தண்ணீர் குறைந்ததால்' என்பதை மீண்டும் சொன்னதற்கும் காரணம் உண்டு. அதையும் 'அதனால்' என்பதையும் வெட்டினால் சராசரி இன்னும் இறங்கும். ஆனால் காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு அறுந்து, வாசிப்பு கடினமாகிவிடும். வாக்கியங்களை நறுக்கும்போது பெரும்பாலும் நேரும் தவறு இதுதான்.

ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டு, "பறவைகள் ஏன் போயின?" என்று கேளுங்கள். "தண்ணி குறைஞ்சுபோச்சு, மழை இல்ல" என்று பதில் வந்தால் பத்தி அந்த வகுப்புக்கு ஏற்றதே. "கூடு கட்டுச்சு" என்பதோடு நின்றுவிட்டால் இரண்டாம், ஆறாம் வாக்கியங்களை மறுபடி பாருங்கள்.