சூம் கூட்டத்தை ஒரு நிமிடத்துக்குள் தொடங்குவது

கேள்வி: “குழுவோடு சூமில் கூடும்போது தொடக்கத்திலேயே பத்து நிமிடம் போய்விடுகிறது. என்ன சொல்லித் தொடங்கலாம்?”

கூட்டம் முடியும்போது என்ன முடிவு கையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். “வெள்ள நிவாரணம் பற்றிக் கதைப்போம்” என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். மட்டக்களப்பில் எங்கள் குழுவுக்கு நான் எழுதிவைத்து வாசித்தது இது:

“வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நாலரைக்கு முடிப்போம். அதுக்குள்ள ரெண்டு முடிவு வேணும்: உலருணவுப் பொதி முதல்ல எந்த ஊருக்கு, லொறி எத்தனை மணிக்கு. வாழைச்சேனைத் தங்கச்சி, முதல்ல நீங்க ரெண்டு நிமிசம் சொல்லுங்க. குறை பிடிக்க இல்ல, நிலைமை தெரியத்தான். லைன் விட்டுப்போனா வட்ஸ்அப்பில எழுதுங்க.”

நிதானமாக வாசித்தாலும் அரை நிமிடம்தான். தொனியை அமைப்பது “குறை பிடிக்க இல்ல” என்ற அந்த வசனம். அது இல்லாத நாட்களில் களத்தில் நிற்பவர்கள் சிக்கலை மறைத்துப் பேசினார்கள்.

“யார் தொடங்குறீங்க?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் மைக்கை மூடிவிட்டு மௌனமாக இருப்பார்கள். முதலில் பேசுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் “எதைப் பற்றிச் சொல்ல?” என்று திருப்பிக் கேட்டால், உங்கள் முதல் வசனம் தெளிவில்லை. பிந்தி வருபவருக்காகத் திரும்பச் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு முடிவுகளையும் வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.