பதிவான ரகத்தின் விதையை விவசாயி விற்கலாமா?

"பதிவுபெற்ற ரகத்தின் விதையை விவசாயி பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றால் அது உரிமை மீறல்தானே? 64-ஆம் பிரிவு அப்படித்தானே சொல்கிறது?"

இல்லை. 64-ஐத் தனியே படித்ததால் வந்த குழப்பம் இது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39(1)-ஆம் பிரிவு, "இச்சட்டத்தில் வேறு எது கூறப்பட்டிருந்தாலும்" என்ற பொருளில்தான் தொடங்குகிறது. ஆகவே அது 64-க்கு மேலாக நிற்கும். அதன் நான்காவது கூறு, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது.

வரம்பு ஒன்று உண்டு: 'பிராண்டட்' விதையாக விற்கக்கூடாது. அதாவது, பையில் அடைத்து, பாதுகாக்கப்பட்ட ரகம் என்று தெரியும்படி லேபிள் ஒட்டக்கூடாது. லேபிள் இல்லாமல் சாக்கில் அள்ளிக் கொடுத்தால் தடையில்லை.

2019-இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ தன் எஃப்சி5 ரகத்துக்காக வழக்குத் தொடுத்தது. சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. விவசாயிகள் தரப்பு நம்பியது 39(1)-இன் அந்த நான்காவது கூறைத்தான். கடும் எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனமே வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அதனால் 39-இன் எல்லையை அங்கே நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. பின்னர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது ரகப் பதிவு செல்லுமா என்ற வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடாதீர்கள். பலர் சறுக்கும் இடம் அது.