"ம்" என்று மட்டும் சொல்லும் அப்பா

வணக்கம். அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அப்பா அரூர் பக்கம் எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் செய்வேன். "எப்படிப்பா இருக்கீங்க?" "ம்." "சாப்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டாச்சு." "வேற?" "வேற என்ன, நீதான் சொல்லணும்." ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. போன வாரம், "ஏன்பா ஒரு மாதிரி இருக்கீங்க, மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன், வை" என்று வைத்துவிட்டார். கேட்டால் மூடிக்கொள்கிறார். கேட்காமல் விட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பாரோ? இதை எப்படித் தொடர்வது?

வ., ஓசூர்

அன்புள்ள வ.,

"வேற என்ன, நீதான் சொல்லணும்" என்று அப்பா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். பேச்சை முடிக்கும் வார்த்தையாகத்தான் நாம் அதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் அவர் உங்களைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அப்போது அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

சின்ன வயதில் கதை கேட்கும்போது பாட்டி "ம் கொட்டு" என்பாள். ம் நின்றுவிட்டால் பேரன் தூங்கிவிட்டான் என்று கதையையும் நிறுத்திவிடுவாள். கதைக்கு நடுவே வரும் ம் "நான் கேட்கிறேன், நீ மேலே சொல்" என்பதாகும். உரையாடலை ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லாஃப் 1982-ல் ஆங்கிலப் பேச்சில் வரும் இதே போன்ற ஒலியைப் பற்றி எழுதினார். தான் பேசும் வாய்ப்பை எடுத்துக்கொள்ளாமல் எதிரில் இருப்பவரைத் தொடரச் சொல்லும் வழி அது என்று காட்டினார். ஆனால் அதே ம் ஒரு கேள்விக்குப் பின்னால் வந்தால் பதிலாகிவிடுகிறது. பதில் வந்ததும் அந்த விஷயம் முடிந்தது. நீங்கள் மூன்று கேள்வி கேட்கிறீர்கள், அவர் மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுகிறார். அப்பாவின் ம்-ஐ மாற்ற வேண்டியதில்லை. அது எதற்குப் பின்னால் வருகிறது என்பதை மாற்றிப் பாருங்கள்.

"எப்படி இருக்கீங்க?" சாதாரணக் கேள்வி போலத் தெரிந்தாலும் பதில் சொல்வது கடினம். ஹார்வி சாக்ஸ் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய யோசித்தவர். "நல்லா இல்ல" என்று சொன்னால் அடுத்து "என்னாச்சு?" வரும், அதற்கு முழுக் கதையும் சொல்லியாக வேண்டும். அதனால் யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்று மனிதர்கள் கணக்குப் போட்டுத்தான் "நல்லாயிருக்கேன்" என்கிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்திருக்கும் மகளிடம் ராத்திரி எட்டரைக்கு, "உங்கம்மா தலகாணி இன்னும் கட்டில்லயே கிடக்குது" என்று எந்த அப்பா சொல்வார்? அவர் மூடிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் காப்பாற்றுகிறார் என்றும் அதைப் படிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் போனில் பேசியவர்கள் அம்மாக்கள்தான். அரைமணி நேரம் பேசிவிட்டு, "இந்தா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசு" என்று கொடுப்பார்கள். அப்பா "ம், நல்லாயிருக்கியா, சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் அந்த ஒரு வார்த்தையோடு நின்றவர், இப்போது முழுப் பேச்சையும் தனியாகத் தூக்க வேண்டியிருக்கிறது. துக்கத்தோடு பழக்கமின்மையும் அந்த ம்-மில் கலந்திருக்கிறது.

இனி என்ன செய்வது? கேள்விக்குப் பதிலாக ஒன்றைச் சொல்லுங்கள். அது உங்கள் வீட்டில் நிஜமாக நடந்ததாக, பாதியில் நிற்பதாக, அவருக்குத் தெரிந்த உலகத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும். அவர் லைன்மேன். கரண்ட் சம்பந்தமாக உங்கள் வீட்டில் ஏதாவது இல்லாமலா இருக்கும்? ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

"அப்பா, சாப்டாச்சா?"

"ம்."

"நான் இப்பதான் உக்காந்தேன். நேத்து கரண்ட் போனப்ப இன்வெர்ட்டர் கால்மணி நேரம்கூட நிக்கல. பேட்டரி மேல இருக்கிற மிதவை எல்லாம் கீழ இறங்கிக் கிடக்குது."

இங்கே நிறுத்திவிடுங்கள். "என்ன பண்றதுப்பா?" என்று கேட்க வேண்டாம். கேட்டால் மறுபடியும் அவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். சொல்லிவிட்டு விட்டால், அவருக்கு இரண்டு வழி இருக்கிறது. "ம்" என்று மட்டும் சொல்லலாம். அல்லது "தண்ணி குறைஞ்சிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊத்து, குழாத்தண்ணி ஊத்திராத" என்று உள்ளே வரலாம். வந்தால், "எது வரைக்கும் ஊத்தணும்?" என்று நீங்கள் கேட்கலாம். இது அவர் தொடங்கிய பேச்சுக்குள் எழும் கேள்வி, அதனால் அழுத்தாது. "மிதவையில மேல ஒரு கோடு இருக்கும் பாரு, அதைத் தாண்டக்கூடாது. தாண்டினா சார்ஜ் ஏறும்போது ஆசிட் வழியும். ஊத்தறதுக்கு முன்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணிரு." ஏழு மாதத்தில் அவர் உங்களிடம் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசியது இதுவாகக்கூட இருக்கலாம்.

அப்போது ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "அப்பா, இன்னைக்கு எவ்வளவு நல்லா பேசறீங்க!" என்று சந்தோஷப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். என் அப்பாவிடம் நான் இதைச் செய்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் அவர் பேச்சு மிகவும் குறைந்திருந்தது. ஒரு நாள் கிணற்று மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசினார். நான் ஆர்வத்தில் "இப்படிப் பேசுனாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டேன். தன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் சுருங்கிப்போனார். அடுத்த பத்து நாள் மறுபடியும் வெறும் ம். இன்வெர்ட்டர் பேச்சு இன்வெர்ட்டர் பேச்சாகவே முடியட்டும். பொய்யாக ஒரு ரிப்பேரை உண்டாக்குவதும் வேண்டாம். லைன்மேனுக்கு அது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

அவரைப் பற்றியே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், உங்களுக்குத் தெரிந்த பாதியைச் சொல்லிவிட்டு விடுங்கள். "நேத்து ஆறு மணிக்குக் கூப்பிட்டேன், ரிங் போயிட்டே இருந்துச்சு." "எங்க போனீங்க?" என்பதைவிட இதில் இடம் அதிகம். அனிதா பொமரான்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1980-ல் தொலைபேசிப் பேச்சுகளில் இதைத்தான் கவனித்தார். ஒருவர் தன் பக்கத்திலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்லும்போது, மற்றவர் பல சமயம் தானாகவே மீதியைச் சொல்கிறார். "கோயில் திண்ணைல உக்காந்திருந்தேன்" என்று வரலாம். "ஆமா" என்று மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். அதே தூண்டிலை அன்றைக்கு இரண்டாவது முறை போட்டால் அது விசாரணை. குரல் கொஞ்சம் ஏறினாலும் "ஏன் எடுக்கல?" என்ற குற்றச்சாட்டாகிவிடும்.

போனில் மௌனம் நேரில் இருப்பதைவிடக் கனம். பேச்சில் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலே பெரும்பாலும் யாராவது ஒருவர் அதை நிரப்பிவிடுகிறார்கள் என்று கெயில் ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்து எழுதியிருக்கிறார். போனில் நாம் உடனே "ஹலோ? கேக்குதா?" என்போம். பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர் "ம், கேக்குது" என்று அங்கேயே முடித்துக்கொள்வார். இதற்கு எனக்குத் தெரிந்த வழி, கையில் வேலையோடு பேசுவது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆயுங்கள், பாத்திரம் தேயுங்கள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கும், லைன் இருக்கிறது என்று தெரியும். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கும்போது யாரும் மௌனத்தைப் பொருட்படுத்துவதில்லை அல்லவா, ஏறக்குறைய அந்த நிலை.

முடிக்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "வேற?" என்று நீங்கள் கேட்பது ஓர் அறிவிப்பு. உங்களிடம் பேச்சு தீர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. அதற்குப் பதிலாக, "சரிப்பா, அரிசி களையணும். தண்ணி ஊத்திட்டு மிதவை ஏறுச்சான்னு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நாளைக்கு ஒரு நூல் மிச்சமிருக்கும். அப்புறம், "சரி" என்றவுடன் பட்டென்று வைத்துவிடாதீர்கள். மூன்று நான்கு நொடி இருங்கள். சொல்லாமல் வைத்திருந்ததை மனிதர்கள் வெளியே எடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டாக்டர் அறையில் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி, "அப்புறம் டாக்டர், இந்த நெஞ்சுப் பக்கம்..." என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அப்பா "ம், சரி... அப்புறம், உங்கம்மா பீரோ சாவி எங்க வச்சான்னு தெரியல" என்று சொன்னால், அது சாவியைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்காது. அரிசி காத்திருக்கலாம். "எந்தப் பீரோப்பா, மாடத்துக்குப் பக்கத்துல இருக்கிறதா?" என்று அவர் சொன்ன பொருளையே பிடித்துக்கொண்டு மெல்லப் போங்கள். அம்மாவின் பேச்சை அவர் எடுத்தால் எடுக்கட்டும்.

எந்த ம்-ஐ விட்டுவிடலாம், எதை விடக்கூடாது? ம்-மின் நீளத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அவருடைய வழக்கத்திலிருந்து அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். எப்போதும் "ம்" சொல்பவர் "ம்" சொன்னால் அது அவருடைய சாதாரண நாள். "நல்லாயிருக்கேன்" சொல்பவர் "ஏதோ இருக்கேன்" என்றால் காது கொடுங்கள். போன வாரம் அவர் சொன்ன "நல்லாத்தான் இருக்கேன்"-இல் உள்ள "தான்" வழக்கமாக வருவதா, புதிதா என்று உங்களுக்குத்தான் தெரியும். சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது நேரே போங்கள். "செத்துப் போயிரலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பாரோ என்று பயப்படுகிறீர்கள். தினமும் எட்டரைக்கு அந்தப் போன் அடிக்கிறது. அவர் எடுக்கிறார். சாப்பாட்டையும் மாத்திரையையும் ஒரே கேள்வியாக்கி முதலிலேயே முடித்துவிட்டு, மீதி நேரத்தில் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். சில நாள் ஒரு நிமிடத்தில் முடியும், முடியட்டும். இந்த வாரம் பேட்டரியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பீரோ சாவியை நீங்களும் சேர்ந்து தேடலாம்.