சிவப்பு ஆச்சரியக்குறியும் மஞ்சள் எண் 1-உம்: பிறமொழி சாட் படங்கள் பற்றிய கேள்வி பதில்

புறக்கோட்டை இறக்குமதிக் கடைகளுக்குச் சீனக் கடிதங்களும் சாட்களும் வாசித்துக் கொடுப்பது என் தொழில். ஜப்பான், கொரியா, அரபு நாடுகளில் இருந்து வரும் ஸ்கிரீன்ஷாட்களையும் இப்போது நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

புறக்கோட்டை பிளாஸ்டிக் கடைக்காரர்: குவாங்சோவில் இருக்கும் எங்கள் ஏஜெண்ட், ஃபேக்டரிக்கு அனுப்பிய மெசேஜ் என்று வீசாட் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று அனுப்பினார். பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி. நெட் பிரச்சினை என்கிறார். முற்பணம் கொடுத்தாச்சு. நம்பலாமா?

நெட் பிரச்சினையாக இருந்தால் ஆச்சரியக்குறி மட்டும்தான் நிற்கும், மெசேஜ் குமிழிக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்காது. நீங்கள் காட்டிய படத்தில் கீழே, திரையின் நடுவில், சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 消息已发出，但被对方拒收了. மெசேஜ் புறப்பட்டது, எதிர்ப்பக்கம் ஏற்க மறுத்துவிட்டது என்பது அதன் பொருள். ஃபேக்டரிக்காரர் உங்கள் ஏஜெண்டை பிளாக் செய்திருக்கிறார்.

இப்போது படத்தை மேலிருந்து வாசியுங்கள். வலப்பக்கம் பச்சையில் இருப்பவை போன் சொந்தக்காரர், அதாவது ஏஜெண்ட், எழுதியவை. முதல் இரண்டு பச்சைக் குமிழியில் குறி இல்லை. மூன்றாவதில்தான் ஆச்சரியக்குறி தொடங்குகிறது. அதற்கு மேலே நடுவில் 16:40 என்று நேரம் போட்டிருக்கிறது. அது சீன நேரம், நமக்குப் பிற்பகல் 2:10. ஆக, இரண்டாவது மெசேஜுக்குப் பிறகு, நம் நேரம் 2:10-க்கு முன் எப்போதோ கதவு சாத்தப்பட்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் இடையில் காசுத் தகராறா, வேறெதுவுமா என்பது படத்தில் இல்லை. நானாக இருந்தால் ஏஜெண்டிடம் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் ஃபேக்டரியை நேரே அழைப்பேன்.

அதே கடைக்காரர்: அப்போ குறி இல்லாத முதல் இரண்டையும் அவர்கள் வாசித்துவிட்டார்களா?

அதைச் சொல்லவே முடியாது. வீசாட்டில் போய்ச் சேர்ந்தது, வாசித்தது என்று எந்த அடையாளமும் இல்லை. குறி இல்லாமல் இருந்தால் மறுக்கப்படவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். "வாசிச்சிட்டாங்க, பாருங்க" என்று ஒருவர் வீசாட் படத்தை நீட்டினால், அது அவருடைய ஊகம்.

இன்னொன்று. பிளாக் செய்யாமல் நண்பர் பட்டியலில் இருந்து மட்டும் நீக்கினாலும் சிவப்புக் குறி வரும். ஆனால் அப்போது கீழே வரும் சாம்பல் எழுத்து நீளமாக இருக்கும், முடிவில் தட்டக்கூடிய நீல எழுத்தும் இருக்கும். திரும்ப நண்பராகக் கேட்பதற்கான வழி அது. உங்கள் படத்தில் நீல எழுத்து இல்லை.

வெள்ளவத்தை வாசகர்: இதில் என்ன இருக்கு? வாட்ஸ்அப்பிலும் ஒரு டிக்கிலேயே நின்றால் பிளாக்தான். நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பாதி சரி. பிளாக் செய்தால் ஒரு டிக்கில்தான் நிற்கும். ஆனால் ஒரு டிக்கில் நிற்பதெல்லாம் பிளாக் இல்லை. ஒரு டிக் என்றால் அனுப்பியாயிற்று, எதிர்ப்பக்கத்து போனுக்கு இன்னும் போகவில்லை. போன் ஆஃப், டேட்டா முடிந்தது, நம்பர் மாற்றியாச்சு, எல்லாவற்றுக்கும் இதே முகம்தான். புரொஃபைல் படமும் கடைசியாக வந்த நேரமும் தெரியாமல் போனால் சந்தேகம் கூடும், ஆனால் இரண்டையும் செட்டிங்ஸிலேயே மறைக்கலாம். வீசாட் போல முகத்துக்கு நேரே சொல்லாமல், வாட்ஸ்அப் இதை வேண்டுமென்றே மங்கலாக விட்டிருக்கிறது. டெலிகிராம் படமாக இருந்தால் கணக்கே வேறு: அங்கே இரண்டு டிக் என்றால் வாசித்தாயிற்று. போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதில் தனிக்குறி கிடையாது. வாட்ஸ்அப் பழக்கத்தில் டெலிகிராம் படத்தைப் பார்த்து, "டிக் நீலமாகலையே, இன்னும் வாசிக்கலை" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கொட்டாஞ்சேனை அம்மா: தம்பி, எனக்கு ஏஜெண்ட் கதை விளங்காது. மகன் கொரியாவில். அவன் முதலாளிக்கு அனுப்பியதைக் காட்டினான், பக்கத்தில் மஞ்சளில் 1. ஒரு பதில் வந்திருக்கு என்றுதானே?

இல்லையம்மா, எதிர்மாறு. அது காகாவோடாக், கொரியாவின் சாட் ஆப். அந்த 1, இன்னும் வாசிக்காத ஆட்களின் எண்ணிக்கை. இரண்டு பேர் பேசும் சாட்டில் 1 நின்றால் முதலாளி இன்னும் திறக்கவில்லை. திறந்ததும் எண் மறைந்துவிடும். மகனோடு சேர்த்து ஐந்து பேர் இருக்கும் குழுவில் 4-இல் தொடங்கி ஒவ்வொருவராக வாசிக்கக் குறையும்.

அதே அம்மா: ரெண்டு நாளாக 1 நிக்குது. தடுத்துட்டாரோ?

அப்படியும் இருக்கலாம். தடுத்தால் அந்த 1 போகாது. ஆனால் அறிவிப்பில் மேலாக வாசித்துவிட்டு சாட்டைத் திறக்காமல் விட்டாலும் 1 அப்படியே நிற்கும். லீவு கேட்டு வரும் மெசேஜை முதலாளிமார் அப்படி வைத்திருப்பதும் உண்டு. மகனை ஒரு அழைப்பு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெஹிவளை மாணவி: அண்ணா, ஜப்பானில் தோழி லைன் ஆப் பாவிக்கிறாள். நான் அனுப்பியதற்கு ஒன்றும் எழுதாமல் நேரம் மட்டும் இருக்கிறது. மியூட் பண்ணிட்டாளா?

மியூட் பண்ணியதை உங்கள் படத்தில் இருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, தங்கச்சி. எந்த ஆப்பிலும் மியூட் குறி, மியூட் பண்ணியவரின் சாட் பட்டியலில்தான் இருக்கும். லைனில் நீங்கள் பார்க்க வேண்டியது நேரத்துக்குப் பக்கத்தில் Read என்ற சொல்லை. ஆப் ஜப்பான் மொழியில் இருந்தால் அதே இடத்தில் 既読 என்ற இரண்டு எழுத்து வரும். வந்தால் வாசித்தாள். வராமல் இருந்தால் வாசிக்கவில்லை, அல்லது பிளாக். போய்ச் சேர்ந்ததற்குத் தனிக்குறி அங்கேயும் இல்லை.

மருதானை வாசகர்: டோஹாவில் இருக்கும் மச்சான் அரபியில் இருக்கும் வாட்ஸ்அப் படம் அனுப்பினான். "நான் காசு தர்றன்" என்று இடப்பக்கம் எழுதியிருக்கு. அது முதலாளி சொன்னதா, மச்சான் சொன்னதா?

போன் அரபியில் இருந்தால் திரை இடம் வலம் மாறிவிடும். நம் போனில் வலப்பக்கம் வருவது அங்கே இடப்பக்கம் வரும். அதனால் பக்கத்தை நம்பாதீர்கள், டிக்கைத் தேடுங்கள். டிக், போன் சொந்தக்காரர் அனுப்பியதில் மட்டும்தான் இருக்கும். உங்கள் படத்தில் அந்த இடப்பக்கக் குமிழியின் மூலையில் இரண்டு நீல டிக் தெளிவாகத் தெரிகிறது. சொன்னது மச்சான், முதலாளி வாசித்தும்விட்டார்.

அதே வாசகர்: ஐயோ. சரி, பெயர்ப் பட்டியல் படத்தில் முதலாளி பெயருக்கு நேரே ஒரு ஊசி இருக்கு. அது என்ன?

மேலே குத்தி வைத்த சாட், அவ்வளவுதான். மச்சானுக்கு அது முக்கியமான ஆள். முதலாளிக்கு இது தெரியாது. வீசாட் படத்தில் ஊசியைத் தேடவேண்டாம். அங்கே மேலே வைத்த வரியின் பின்னணி மட்டும் கொஞ்சம் சாம்பலாக இருக்கும். அதே வரியில் கோடு போட்ட மணி இருந்தால் மியூட். புது மெசேஜ் வந்திருந்தால் எண் இல்லாத சிவப்புப் புள்ளி மட்டும் இருக்கும்.

பிளாஸ்டிக் கடைக்காரர்: ஃபேக்டரியை அழைத்தேன். இலக்கம் தவறு என்கிறார்கள். ஏஜெண்ட் கொடுத்த இலக்கம்தான்.

அப்படியென்றால் வீசாட்டில் அந்தப் பெயரில் இருப்பவர் ஃபேக்டரிதானா என்பதே கேள்வி. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். இன்வாய்ஸில் இருக்கும் சீனக் கம்பெனிப் பெயரும் முத்திரையும் கொண்டுவாருங்கள், படத்தை விட்டுவிட்டு அதைப் பார்ப்போம்.