பாயிண்ட் என்பது மணிக்கணக்கா? மென்பொருள் குழுவுக்குப் புதிதாக வந்த மேலாளர்களின் கேள்விகள்

உற்பத்திப் பிரிவிலிருந்து வந்த மேலாளர்: மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மென்பொருள் குழுவை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால் "5 பாயிண்ட்" என்கிறார்கள். நேரத்தைச் சொல்ல ஏன் தயங்குகிறார்கள்?

பதில்: நீங்கள் இருந்த இடத்தில் ஒரே பொருளை ஆயிரம் முறை செய்கிறார்கள். நூறு முறை நேரத்தை அளந்துவிட்டால் அடுத்த முறை எவ்வளவு ஆகும் என்று உறுதியாகச் சொல்லலாம். மென்பொருளில் ஒரு முறை எழுதியதை யாரும் மறுபடி எழுதுவதில்லை, அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்வார்கள். அதனால் உங்கள் குழுவின் முன் வரும் ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒரு வகையில் முதன்முறையாகச் செய்யும் வேலை. அதற்கு முன்கூட்டியே நேரம் அளந்து வைத்திருக்க வழியில்லை.

ஆனால் ஒப்பிடலாம். குழு தான் ஏற்கெனவே முடித்த ஒரு சிறிய வேலையை எடுத்து அதற்கு 2 என்று எண் கொடுக்கும். புதிய வேலை வந்தால், அது இதைவிட எவ்வளவு பெரியது என்று மட்டும் பார்க்கும். அனுபவமுள்ளவர் ஒரு நாளில் முடிப்பதைப் புதியவர் மூன்று நாளில் முடிப்பார். எத்தனை நாள் என்பதில் இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். "இது அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு" என்பதில் ஒத்துப்போவார்கள். பாயிண்ட் அந்த ஒப்புதலுக்கான எண். வேலையின் அளவு, சிக்கல், தெரியாத பகுதி மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். எண்கள் 1, 2, 3, 5, 8, 13 என்று தாவிச் செல்வதற்கும் காரணம் இருக்கிறது. பெரிய வேலையில் 11-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் கண்ணில் படாது.

கணக்குத் துறை மேலாளர்: நான் எளிதாகப் புரிந்துகொண்டேன். 1 பாயிண்ட் என்றால் 8 மணி நேரம், 5 பாயிண்ட் என்றால் ஒரு வாரம். சரிதானே?

பதில்: பாதி சரி. ஐந்து பேர் கொண்ட குழு, ஸ்பிரிண்ட் என்று அவர்கள் சொல்லும் ஒரு வேலைச் சுற்று இரண்டு வாரம், அதாவது 50 ஆள்நாள். அவர்கள் சராசரியாக 22 பாயிண்ட் முடிக்கிறார்கள் என்றால், ஒரு பாயிண்டுக்கு ஏறக்குறைய 2.3 ஆள்நாள் என்று வகுத்துச் சொல்லலாம். நடந்து முடிந்ததன் சராசரியாக அது உண்மை. கூட்டங்கள், ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதில் வந்த பழுதுகள், ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்த நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அந்தச் சராசரியை எடுத்துத் தனி ஒரு வேலையின் மேல் வைக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது. 3 பாயிண்ட் வேலைகள் பத்து எடுத்துப் பாருங்கள்: ஒன்று இரண்டே நாளில் முடிந்திருக்கும், இன்னொன்று இரண்டு வாரம் இழுத்திருக்கும். பத்தும் சேரும்போது மேடு பள்ளம் சமனாகும். தனியாக எடுத்தால் ஆகாது. அதைவிட முக்கியமான ஒன்று: உங்களிடம் மாற்று விகிதம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, குழு முதலில் நாளைக் கணக்கிட்டு, பிறகு அதைப் பாயிண்டாக மாற்றிச் சொல்லும். அதற்குப் பிறகு ஒப்பீடு இல்லை, பாயிண்ட் வேடத்தில் நாட்கள் மட்டுமே இருக்கும்.

மீண்டும் உற்பத்திப் பிரிவு மேலாளர்: அவர்கள் திட்டமிடும் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஓர் எண்ணுக்காக அரைமணி நேரம் வாதாடினார்கள். இது வீண் அல்லவா?

பதில்: நான் அருகில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வேலை இதுதான்: கடவுச்சொல்லை மறந்த வாடிக்கையாளர், கைப்பேசிக்கு வரும் குறியீட்டைக் கொண்டு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து பேரும் தாங்கள் நினைத்த எண் உள்ள சீட்டை மறைத்து வைத்து ஒரே நேரத்தில் திருப்பினார்கள். 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதிவைத்த பிளானிங் போக்கர் முறை அது. முதலில் பேசுபவரின் எண் மற்றவர்களை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மறைத்து வைப்பது. வந்த எண்கள் 3, 3, 5, 3, 13.

சராசரி எடுத்து 5 என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்தக் கூட்டம் உண்மையிலேயே வீண். 13 காட்டியவர் டெஸ்டர். அவரைப் பேசச் சொன்னார்கள். பழைய வாடிக்கையாளர்களின் பதிவில் பல எண்களுக்கு நாட்டுக் குறியீடு இல்லை, சில எண்கள் இரண்டு கணக்குகளில் இருக்கின்றன, அப்போது குறியீடு எந்தக் கணக்குக்கு என்று கேட்டார். 3 காட்டிய மூவருக்கும் இது தெரியாது. அவர்கள் மனத்தில் இருந்தது செய்தி அனுப்பும் பகுதி மட்டும்.

அரைமணி நேர வாதத்தின் முடிவில் வேலை இரண்டாகப் பிரிந்தது. எண் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டும் வசதி தருவது 5. பழைய பதிவுகளைச் சீர்செய்வது 8. எது முன்னால் என்று முடிவெடுக்க வேண்டியவர் ப்ராடக்ட் ஓனர். அவர் முதலாவதை எடுத்தார். அந்த 13 வந்திருக்காவிட்டால், ஸ்பிரிண்டின் எட்டாம் நாளில் இதே செய்தி உங்கள் மேசைக்கு வந்திருக்கும்.

ஒன்று மட்டும். இந்த மதிப்பீட்டைத் திட்டமிடும் நாளுக்கு முன்பே, தனியாக உட்கார்ந்து செய்துவிடுவது நல்லது. திட்டமிடும் கூட்டத்தின் முதல் கேள்வி, இந்த இரண்டு வாரத்தின் இலக்கு என்ன என்பது. பிறகு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஒருவர் ஐந்து நாள் விடுப்பு என்றால் 50 ஆள்நாள் 45 ஆகிறது. வழக்கமாக 22 முடிக்கும் குழு 20 அளவுக்கே எடுக்க வேண்டும். எடுத்த வேலைகளை எப்படிச் செய்வது என்பது கடைசி. அங்கே நீங்கள் "இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாமல் இருப்பது அவசியம். எவ்வளவு எடுப்பது என்பது செய்பவர்களின் முடிவு. எது முக்கியம் என்பதை ப்ராடக்ட் ஓனரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள்.

விற்பனையிலிருந்து மாறிவந்தவர்: எல்லாம் சரி, நான் மேலிடத்துக்கு ஒரு தேதி சொல்லியாக வேண்டும். பாயிண்டை வைத்து என்ன சொல்வது?

பதில்: இதற்காகத்தான் பாயிண்ட். ஒரு குழுவின் கடைசி ஐந்து ஸ்பிரிண்டுகளில் முழுமையாக முடிந்தவை 21, 26, 18, 24, 23 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி இருக்கும் வேலை 120. மெதுவான வேகத்தில் 120-ஐ 18-ஆல் வகுத்தால் 7 ஸ்பிரிண்ட். வேகமானதில் 26-ஆல் வகுத்தால் 5. ஆகவே "10 முதல் 14 வாரம்" என்று சொல்லுங்கள். ஒற்றைத் தேதிதான் வேண்டும் என்று வற்புறுத்தினால் 14-ஐச் சொல்லுங்கள், 12-ஐ அல்ல.

இரண்டு ஸ்பிரிண்டுக்கு ஒரு முறை இந்த வகுத்தலைத் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் தேதியைத் தள்ளுவது வேகம் குறைவது அல்ல. 120 என்பது யாரும் கவனிக்காமல் 150 ஆகியிருக்கும். முடிந்த வேலை, மொத்த வேலை இரண்டையும் தனித்தனிக் கோடாக வரைந்து காட்டினால், மேலிடத்துடன் நடக்கும் பேச்சே மாறிவிடும். தேதி அசையாது என்றால், எந்த 30 பாயிண்டை விடலாம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் குழுவால் பதில் சொல்ல முடியும்.

மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர்: எங்களிடம் ஒருவர் இந்தக் காலாண்டில் 34 பாயிண்ட், இன்னொருவர் 9. ஊக்கத்தொகையை இதை வைத்தே பிரிக்கலாம் என்று நினைக்கிறோம். 9 எடுத்தவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தயவுசெய்து பேச வேண்டாம். முதலில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். மற்றவர்களின் நிரலைப் படித்துப் பிழை காட்டியவரும், 34 எடுத்தவர் சிக்கிய இடங்களில் விடுவித்தவரும் அவராகவே இருக்கலாம். அதற்கெல்லாம் பாயிண்ட் இல்லை.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். இரண்டு குழுக்களின் பாயிண்டை ஒரே வரைபடத்தில் போட்டு மாதந்தோறும் காட்டினேன். நான்கு மாதத்தில் இரண்டின் எண்ணும் ஏறியது, வெளியான வசதிகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது. முன்பு 3 என்று சொன்னதை 5 என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு தேதி கணிக்கவும் அந்த எண் உதவவில்லை. பழைய 3-ஐத் திரும்பக் கொண்டுவர அரை ஆண்டுக்கு மேல் ஆனது. ஸ்டோரி பாயிண்ட் என்பதுதான் இந்தப் பாயிண்டின் முழுப்பெயர்; அதைத் தானே உருவாக்கியிருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரீஸ், அப்படியானால் அதற்காக வருந்துகிறேன் என்று பின்னாளில் எழுதியதற்கு, இது போன்ற பயன்பாடும் ஒரு காரணம்.

டெவலப்பர் ஒருவர்: நான் மேலாளர் அல்ல. பாயிண்டே வேண்டாம் என்பது என் கட்சி. ஸ்டோரிகளை, அதாவது இந்த வேலைகளை, சிறியதாக வெட்டி, எத்தனை முடிந்தது என்று எண்ணினால் போதாதா? இந்த ஸ்பிரிண்ட் முறையை விளக்கும் ஸ்க்ரம் வழிகாட்டியில்கூடப் பாயிண்ட் கட்டாயம்தானே என்று எங்கள் மேலாளர் வாதிடுகிறார்.

பதில்: உங்கள் மேலாளர் சொல்வது தவறு. 2020 பதிப்பில் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே கிடையாது. எண்ணிப் பார்க்கும் முறை பல குழுக்களில் பாயிண்ட் அளவுக்கே நன்றாகக் கணிக்கிறது, அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே அளவில் வெட்டத் தெரிந்த குழுவுக்குத்தான் அது பொருந்தும். அந்தத் திறமை வரும்வரை, அந்த 13 போன்ற ஒரு சீட்டு விழ ஓர் இடம் வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே டெவலப்பர்: அந்த உரையாடலுக்கு எண் எதற்கு? "இதில் எனக்குத் தெரியாதது என்ன" என்று ஒவ்வொருவரும் சொன்னால் போதுமே.

பதில்: பேசத் தயங்காதவர்கள் இருக்கும் குழுவில் போதும். அந்த டெஸ்டர் குழுவுக்கு வந்து மூன்றே வாரம். சீட்டு இல்லாமல் அவர் வாய் திறந்திருப்பாரா என்று எனக்கு ஐயம்தான். நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று தெரிகிறது.

கணக்குத் துறை மேலாளர்: கடைசியாக ஒன்று. 8 பாயிண்ட் வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில் ஸ்பிரிண்ட் முடிந்துவிட்டது. 6 என்று வரவு வைக்கலாமா?

பதில்: வேண்டாம், பூஜ்யம். வேலை முழுதாக முடியும் ஸ்பிரிண்டில் முழு 8. "முக்கால்வாசி" என்பது செய்பவரின் நம்பிக்கை, அளந்து பார்த்தது அல்ல. சோதனையும் திருத்தமும் எப்போதும் அந்தக் கடைசிக் கால்பகுதியில்தான் இருக்கும். சிலர் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் திட்டமிடும்போது மீதியை 2 என்று மறுமதிப்பீடு செய்கிறார்கள். நான் அதையும் செய்வதில்லை, ஒரு ஸ்பிரிண்ட் தாழ்ந்து அடுத்தது உயர்ந்தால் சராசரி பார்த்துக்கொள்ளும். ஆனால் மூன்று ஸ்பிரிண்ட் தொடர்ந்து இப்படி மிச்சம் விழுந்தால், குழு அளவுக்கு மீறி எடுக்கிறது அல்லது வேலைகளைப் பெரிதாகவே விட்டுவைக்கிறது. அப்போது கேட்க வேண்டியது வரவு பற்றி அல்ல, அந்த 8-ஐ ஏன் இரண்டாக வெட்டவில்லை என்று.