பெயருக்குப் பின்னால் ஒரு சரக்கு ரயில்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அவர் அனுப்பிய குறிப்பில் பெயர் இப்படி இருக்கிறது: ‘பத்மஸ்ரீ பேராசிரியர் டாக்டர் (பெயர்), எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச்., எஃப்.ஆர்.சி.எஸ். (எடின்), பிஎச்.டி., டி.எஸ்சி. (எச்.சி.)’. நரம்பியல் அறுவை மருத்துவர். இதை எந்த வரிசையில், எப்படி உச்சரித்துப் படிப்பது? ஒன்றை விட்டாலும் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

*

வணக்கம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரை நான் அறிமுகம் செய்தேன். கையில் இருந்த தாளில் அவர் பெயருக்குப் பின் எம்.ஏ., அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஆக்சன்’ என்று இருந்தது. நான் முழங்கினேன்: “எம்.ஏ. ஆக்‌ஷன்!” முன்வரிசையில் ஒரு சிரிப்பு. விருந்தினர் என் பக்கம் சாய்ந்து, “அது ஆக்ஸ்ஃபோர்டு, தம்பி” என்றார். மைக் ஆனில் இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டின் லத்தீன் பெயரைச் சுருக்கினால் ‘ஆக்சன்’. கேம்பிரிட்ஜ் என்றால் ‘கேன்டப்’. கண்ணுக்கு மட்டுமேயான சுருக்கங்கள் இவை. வாயில் வரும்போது ஊர்ப்பெயராக விரிந்துவிட வேண்டும். உங்கள் தாளில் உள்ள ‘எடின்’ அதே ஜாதிதான். எடின்பரா நகரில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸைக் குறிக்கிறது அது. ‘எடின்பர்க்’ என்று படித்துவிடாதீர்கள், எழுத்து அப்படித்தான் இழுக்கும். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ‘எடின்பரா’, கடைசியில் ‘க்’ கிடையாது. அறுவை மருத்துவர்களின் அந்த அமைப்பு 1505-இல் தொடங்கியது. அதில் தேர்வு எழுதி உறுப்பினராகிறவர் ஃபெல்லோ. அதாவது எஃப்.ஆர்.சி.எஸ். ஒரு பல்கலைக்கழகப் பட்டமே அல்ல, ஓர் அமைப்பின் உறுப்பினர் தகுதி. “எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றவர்” என்று மேடையில் சொன்னால் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். மருத்துவர்கள் நிறைந்த சபை என்றால் கவனிப்பார்கள்.

அடுத்தது எம்.எஸ். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். பொறியியல் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எம்.எஸ். என்றால் மாஸ்டர் ஆஃப் சயின்ஸ். விரித்துச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்து அதையே இவருக்கும் சொல்லிவிடுவார்கள். இவருடையது மாஸ்டர் ஆஃப் சர்ஜரி, அறுவை மருத்துவ முதுகலை. எம்.சிஎச். அதற்கும் மேலே உள்ள உயர்சிறப்புப் படிப்பு. ‘சிஎச்’ என்பது அறுவை மருத்துவத்துக்கான லத்தீன் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. அதை ‘எம்ச்’ என்றோ ‘மெக்’ என்றோ ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. எம், சி, எச் என்று தனித்தனியாகத்தான். ‘எச்’சா ‘ஹெச்’சா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. எதைச் சொன்னாலும் கடைசிவரை அதையே சொல்லுங்கள். பிஎச்.டி.க்கு ‘எச்’, எம்.சிஎச்.சுக்கு ‘ஹெச்’ என்று மாறினால்தான் காதில் உறுத்தும்.

சரி, வரிசைக்கு வருகிறேன். அவர் எழுதி அனுப்பியிருப்பது அச்சுக்கான வரிசை. கீழ்ப்பட்டத்தில் தொடங்கி மேலே போகிறது, கௌரவப் பட்டம் கடைசியில் நிற்கிறது. பெயருக்குப் பின்னால் உள்ளதை அழைப்பிதழில் எழுத்துப் பிசகாமல் அப்படியே போடுங்கள். நீங்கள் எதையும் விட்டதாக ஆகாது, உங்கள் பயத்துக்கு அதுவே மருந்து. மேடையில் மட்டும் அந்த வரிசை எடுபடாது. தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். பெயரைச் சொல்லிவிட்டு ஆறு பட்டங்களை அடுக்கினால், கை தட்டத் தூக்கிய சபை கையைத் தூக்கியபடியே நிற்கும். சரக்கு ரயில் போய் முடியட்டும் என்று கேட்டில் காத்திருக்கிற மாதிரி. அதனால் பட்டங்களைப் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து வினைச்சொற்களாக மாற்றிவிடுங்கள்: படித்தார், ஆராய்ந்தார், பெற்றார். பெயர் கடைசியில் வரட்டும்.

அப்படி மாற்றும்போது எம்.பி.பி.எஸ். தானாகவே உதிர்ந்துவிடும். எம்.சிஎச். முடித்தவர் பெரும்பாலும் எம்.எஸ். முடித்திருப்பார், அதற்கு முன் எம்.பி.பி.எஸ். முடித்திருப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். ஏணியின் மேல்படியைச் சொன்னால் போதும். பிஎச்.டி. வேறு ஏணி, ஆராய்ச்சிக்கானது. அதனால் அதற்குத் தனியாக ஒரு வாக்கியம் வேண்டும்.

‘டாக்டர்’ எத்தனை முறை? ஜெர்மனியில் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவர் பெயருக்கு முன் இரண்டு முறை டாக்டர் என்று எழுதுவார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. மருத்துவராகவும் முனைவராகவும் இருப்பவருக்கு ஒரு டாக்டர் போதும். ‘டாக்டர் முனைவர்’ என்று இரண்டையும் ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. முனைவர் பட்டத்தை வாக்கியத்துக்குள் சொல்லிவிட்டால் பெயருக்கு முன் மறுபடி வேண்டாம். இன்னொன்று: பிரிட்டனில் பணிபுரியும் அறுவை மருத்துவர்கள் பலர் தங்களை மிஸ்டர் என்றுதான் எழுதுவார்கள். அறுவை வேலை அங்கே முடிதிருத்துவோரோடு ஒரே சங்கத்தில் இருந்து வந்த தொழில், அன்று பல்கலைக்கழகம் போனவர்களே டாக்டர். 1745-இல் லண்டனில் இருவரும் பிரிந்தார்கள், மிஸ்டர் மட்டும் ஒட்டிக்கொண்டது, இன்று அது பெருமை. அப்படி ஒருவர் எழுதி அனுப்பினால் எழுத்துப்பிழை என்று நினைத்து டாக்டராகத் திருத்திவிடாதீர்கள்.

இனி அந்த வரியின் இரண்டு ஓரங்கள். உண்மையில் கவனிக்க வேண்டியவை அவைதான்.

முதல் ஓரத்தில் பத்மஸ்ரீ. இது பெயரோடு ஒட்டும் பட்டம் அல்ல. நம் அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு, ராணுவத் தகுதியும் கல்வித் தகுதியும் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. அப்படியானால் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் செல்லுமா என்று வழக்கு நடந்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அவை விருதுகள், பட்டங்கள் அல்ல; ஆகவே செல்லும். ஆனால் பெயருக்கு முன்னோ பின்னோ அவற்றைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் விருதையே இழக்க நேரலாம். நாம் மரியாதை என்று நினைத்துச் சொல்வது அவருக்குச் சங்கடமாகத்தான் முடியும். “பத்மஸ்ரீ விருது பெற்றவர்” என்று ஒரு வாக்கியமாகச் சொன்னால் எந்தச் சிக்கலும் இல்லை. அவரே முன்னால் போட்டு அனுப்பியிருக்கிறாரே என்பீர்கள். பெரும்பாலும் உதவியாளர் தட்டச்சு செய்ததாக இருக்கும். கேட்காமலே இந்த ஒரு மாற்றத்தை நீங்கள் செய்யலாம், அழைப்பிதழிலும்.

மறு ஓரத்தில், டாக்டர் ஆஃப் சயின்ஸ் என்னும் டி.எஸ்சி.க்குப் பக்கத்தில், ‘எச்.சி.’. இதை இன்னொரு பட்டம் என்று நினைத்து “டி.எஸ்சி., எச்.சி.” என்று அடுக்கியவர்களைக் கேட்டிருக்கிறேன். ‘ஹானோரிஸ் கௌசா’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது, கௌரவத்துக்காகத் தரப்பட்டது என்று பொருள். ‘காஸா’ அல்ல, ‘கௌசா’. வாயில் நுழையவில்லையென்றால் கவலை வேண்டாம், “கௌரவ டி.எஸ்சி.” என்றால் வேலை முடிந்தது. எந்தப் பல்கலைக்கழகம் தந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கௌரவப் பட்டம் மட்டுமே உள்ளவர் அதை வைத்து டாக்டர் போட்டுக்கொள்வதில்லை என்பது மரபு, அதிகம் மீறப்படுகிற மரபு. உங்கள் விருந்தினர் படித்துப் பெற்ற டாக்டர், அதனால் அந்த வம்பு இங்கே இல்லை.

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

“நம் சிறப்பு விருந்தினர் நரம்பியல் அறுவை மருத்துவர். அந்தத் துறையில் எம்.சிஎச். என்னும் உயர்சிறப்புப் படிப்பை முடித்தவர். எடின்பராவின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஃபெல்லோ. ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றவர். இன்ன பல்கலைக்கழகம் இவருக்குக் கௌரவ டி.எஸ்சி. வழங்கியது. இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இன்ன நிறுவனத்தில் இன்ன பொறுப்பில் இருக்கிறார். பேராசிரியர் டாக்டர் இன்னார் அவர்கள்.”

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவர் தாளில் இருந்தவற்றில் எம்.பி.பி.எஸ்.சும் எம்.எஸ்.சும் மட்டும்தான் சொல்லப்படவில்லை. ஆய்வுத் தலைப்பு தெரிந்தால் முனைவர் வாக்கியத்தில் சேருங்கள், சபை நிமிர்ந்து உட்காரும். பொறுப்பு என்ன என்பதைக் கடைசி நாளில் ஒருமுறை சரிபாருங்கள். குறிப்பு இரண்டு வருடம் பழையதாக இருந்து, துறைத்தலைவர் இதற்குள் ஓய்வு பெற்று எமெரிட்டஸ் ஆகியிருப்பார். தமிழில் தகைசால் பேராசிரியர் என்று சொல்லலாம்.

பெயரை நான் ‘இன்னார்’ என்று விட்டதற்குக் காரணம் உண்டு. பட்டத்தில் தவறினால் ஆள் சிரித்துக்கொள்வார், பெயரில் தவறினால் முகம் மாறிவிடும். அவருக்கோ உதவியாளருக்கோ ஒரு போன் போட்டு, “மேடையில் ஐயாவின் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?” என்று கேளுங்கள். தலைப்பெழுத்தைத் தமிழில் சொல்வதா ஆங்கிலத்திலா, பெயரில் வருவது ளகரமா ழகரமா, பின்னால் இருப்பது அப்பா பெயரா குடும்பப் பெயரா என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், ஆங்கில எழுத்தில் வேண்டாம். அட்டையில் எடின்பரா, கௌசா எல்லாமே அப்படித்தான் இருக்க வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு. பெயருக்கு மட்டும் தனி வரி, பெரிய எழுத்து.

அதே போனில், “எம்.எஸ். வரை உள்ளவற்றை அழைப்பிதழோடு நிறுத்திக்கொண்டு, மேடையில் எம்.சிஎச்.சிலிருந்து தொடங்கட்டுமா?” என்றும் கேட்டுவிடுங்கள். இதுவரை நான் கேட்டவர்களில் ஒருவர்தான் “எல்லாம் படிக்கணும்” என்றார். படித்தேன், அவர் மேடை, அவர் பட்டம்.

அப்புறம், நாக்கு தடுக்கினால்? “மன்னிக்கவும்” என்று ஒருமுறை சொல்லி, சரியான உச்சரிப்பைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். நான் அந்த ‘ஆக்‌ஷனு’க்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். முதல் முறை சிரிக்காதவர்களும் மூன்றாவது முறை சிரித்தார்கள்.