தெரியாத கிரெடிட் கார்டு செலவு: டிஸ்ப்யூட் போட்டபின் என்ன நடக்கும்?

*"வெள்ளிக்கிழமை ராத்திரி என் கார்டுல ஏதோ வெளிநாட்டு வெப்சைட்ல ₹18,400 போயிருக்கு. ஓடிபி எதுவும் வரல. தண்டையார்பேட்டை பிராஞ்ச்ல கேட்டா கஸ்டமர் கேர்ல டிஸ்ப்யூட் போடுங்கன்றாங்க. பணம் திரும்ப வருமா?"*

வரும். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளில் கணக்கில் வரவு தெரிந்ததும் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பலர் பணத்தை இழப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆப்பில் கார்டை பிளாக் செய்துவிட்டு, கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்குங்கள். செலவு இன்னும் 'பெண்டிங்'கில் இருக்கிறது, போஸ்ட் ஆனதும், அதாவது கணக்கில் உறுதியாகப் பதிவானதும் கூப்பிடுங்கள் என்பார்கள். கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும் சார்ஜ்பேக்கை போஸ்ட் ஆன பிறகுதான் தொடங்க முடியும் என்பது உண்மை. புகாரைப் பதிய அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே பதியச் சொல்லுங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கிடையாது. எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. மறுநாள் இரண்டாம் சனி என்றால் திங்கள், செவ்வாய், புதன்தான் அந்த மூன்று நாள். நாலிலிருந்து ஏழாம் நாளுக்குள் சொன்னால், ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு உங்கள் தலையில் அதிகபட்சம் ₹10,000 விழலாம். அதற்கும் மேல் போனால் வங்கியின் சொந்தக் கொள்கைதான்.

உள்ளூர்க் கடை பெயராக இருந்தால் மட்டும் புகாருக்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்திருப்பீர்கள், ஸ்டேட்மென்ட்டில் கடைப் பெயருக்குப் பதிலாக அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். தெரிந்த கடைமேல் மோசடிப் புகார் போனால் பிறகு திரும்பப் பெறுவது சங்கடம்.

அடுத்து டிஸ்ப்யூட் ஃபார்ம். அதில் காரணம் கேட்கும் இடம்தான் முக்கியம். 'நான் செய்யாத பரிவர்த்தனை' என்பது வேறு, 'பொருள் வரவில்லை' என்பது வேறு. இரண்டாவதை டிக் செய்தால் நீங்கள்தான் ஆர்டர் போட்டீர்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கார்டு உங்களிடமே இருந்தது, எண்ணையோ ஓடிபியையோ யாருக்கும் சொல்லவில்லை என்று நாலு வரி எழுதுங்கள், அது உண்மையாக இருந்தால் மட்டும்.

ஓடிபி வராதது உங்களுக்குச் சாதகம். பல வெளிநாட்டுத் தளங்கள் அதைக் கேட்பதே இல்லை, அப்படி நடந்த மோசடியின் பொறுப்பு பெரும்பாலும் கடைக்காரர் பக்கம் போகும். ஓடிபி போட்டு நடந்திருந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் வங்கிக்கு மாறிவிடும், மோசடி என்று சார்ஜ்பேக் போட முடியாது. ஏமாந்து ஓடிபி கொடுத்தவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும்.

புகார் சொன்ன பத்து வேலை நாளுக்குள் வங்கி ₹18,400ஐ தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். அதே நேரத்தில் உங்கள் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக, கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும். கடைக்காரர் சும்மா இருந்தால் விஷயம் முடிந்தது. எதிர்த்தால் இன்வாய்ஸ், டெலிவரி முகவரி, ஃபோன் எண், ஐபி முகவரி எல்லாம் அனுப்புவார். வங்கி அதை உங்களுக்கு மெயில் செய்து சில நாளில் பதில் கேட்கும்.

கோட்டை விடுவது இந்த மெயிலில்தான். ஸ்பாமில் கிடக்கும், அல்லது பணம்தான் வந்துவிட்டதே என்று திறக்க மாட்டார்கள். பதில் இல்லையென்றால் கடைக்காரர் சொன்னதை ஒப்புக்கொண்டதாக எடுத்து, தற்காலிக வரவை வங்கி திரும்ப எடுத்துவிடும். அதனால் அந்த இன்வாய்ஸை வரி வரியாகப் பாருங்கள். டெலிவரி வேறு ஊருக்குப் போயிருக்கும், ஃபோன் எண் உங்களுடையதாக இருக்காது. "இந்த முகவரியும் எண்ணும் என்னுடையவை அல்ல, அன்று நான் சென்னையில் இருந்தேன்" என்று எழுதி, cybercrime.gov.in இல் கொடுத்த புகாரின் ஒப்புகையையும் சேர்த்து அனுப்புங்கள்.

இதற்கிடையே பில்லின் மற்ற தொகையைத் தேதிக்குள் கட்டிவிடுங்கள். மோசடி என்று புகார் சொன்ன தொகைக்கு, அது தீரும்வரை வட்டியோ கட்டணமோ போடக்கூடாது. போட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

வங்கி ஊழியர்கள் கோபப்பட வேண்டாம், உங்கள் வேலைப்பளு தெரியும். ஆனாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வட சென்னையில் பிராஞ்சுக்கு வரும் பெரியவர்களுக்கு ஐவிஆரில் எட்டு பட்டன் அழுத்தத் தெரியாது. கஸ்டமர் கேருக்கு அடிங்க என்று அனுப்பிவிட்டால் அவர்களுடைய மூன்று நாள் அங்கேயே போய்விடுகிறது. பிராஞ்சிலேயே சொல்லலாம் என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. எழுதிக்கொண்டு போய் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள்.

மொத்தமும் 90 நாளுக்குள் தீர வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். 30 நாள் ஆகியும் வங்கியிடமிருந்து பதில் இல்லை, அல்லது மழுப்பலான பதில் வந்தது என்றால், புகார் எண்ணும் சீல் வைத்த நகலும் வைத்து cms.rbi.org.in இல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.